ஜெனரேட்டர் கையேடு: சிரிக்க வைத்த பிழைகளும் பயமுறுத்திய பிழைகளும்

(காலாண்டு உறுப்பினர் கூட்டத்தில், மொழிபெயர்ப்புத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தண்ணீர் லாரிக் கணக்குக்கும் பார்க்கிங் தகராறுக்கும் நடுவில் எனக்கு இருபது நிமிடம் கொடுத்த செயலாளருக்கு நன்றி. நான் பேசப் போவது நம் ஜெனரேட்டர் அறையில் இப்போது தொங்கும் தமிழ்க் கையேட்டைப் பற்றி. அது எப்படித் தயாரானது, அதில் என்னென்ன தப்பு இருந்தது, அந்தத் தப்புகளை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்கிறேன்.

புது ஜெனரேட்டர் வந்தபோது அதோடு ஆங்கிலத்தில் 40 பக்கக் கையேடு ஒன்றும் வந்தது நினைவிருக்கும். நம் ஆபரேட்டர்கள் இரண்டு பேரும் வேலையில் கெட்டிக்காரர்கள், ஆனால் ஆங்கிலம் படிப்பவர்கள் இல்லை. அதனால் கமிட்டியில் ஒருவர் நல்ல எண்ணத்தோடு அந்தக் கோப்பை ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு, வந்த தமிழை அச்செடுத்து ஆபரேட்டரிடம் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. மறுநாள் காலை நான் நடைப்பயிற்சி முடித்து வரும்போது ஆபரேட்டர் அண்ணன் அந்தத் தாளோடு நின்றிருந்தார். "மேடம், இதுல டீசல் லைன்ல ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கு" என்றார்.

இருவரும் சிரித்தோம். டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியே எடுக்க வேண்டும். மெக்கானிக்குகள் "ஏர் எடுக்கிறது" என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'பிளீட்' என்ற சொல். அதற்கு ரத்தம் வடிவது என்ற பொருளும் உண்டு. மென்பொருள் ரத்தத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

அன்று மாலை முழுத் தாளையும் வாங்கிப் படித்தேன். இன்னும் நிறையச் சிரிக்கலாம் போலிருந்தது. மின்னோட்டத்தைக் குறிக்கும் 'கரண்ட்' என்ற சொல் "தற்போதைய" என்று வந்திருந்தது. அதனால் ஓர் இடத்தில் "ஒவ்வொரு கட்டத்திலும் தற்போதையதைச் சரிபார்க்கவும்" என்று இருந்தது. ஒவ்வொரு பேஸிலும் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பாருங்கள் என்பதுதான் விஷயம். ஈய அமில பேட்டரி "முன்னணி அமில பேட்டரி" ஆகியிருந்தது. ஈயத்துக்கும் முன்னணிக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு. 15W-40 என்ற ஆயில் வகை "15 வாட்-40" ஆகியிருந்தது. அந்த W என்பது வாட் அல்ல. குளிர்காலம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து.

இந்த வகைப் பிழைகள் என்னைக் கவலைப்பட வைக்கவில்லை. ஏனென்றால் இவை தாமாகவே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். டீசல் குழாயில் ரத்தம் இருக்காது என்று யாருக்கும் தெரியும். படிப்பவர் நின்றுவிடுவார், யாரிடமாவது கேட்பார்.

எனக்குத் தூக்கம் போனது 9ஆம் பக்கத்தில். அங்கே இப்படி ஒரு வாக்கியம் இருந்தது:

"பயன்முறை சுவிட்ச் OFF நிலையில் இருந்து, பேட்டரியின் எதிர்மறை கேபிள் துண்டிக்கப்பட்டிருந்தால், ஜெனரேட்டரில் பணிபுரிய வேண்டாம்."

இன்னொரு முறை மனதுக்குள் படித்துப் பாருங்கள். இலக்கணப் பிழை இல்லை. சொற்களும் புரிகின்றன. பாதுகாப்பு விதி மாதிரியே ஒலிக்கிறது. ஆனால் இது சொல்வது மூலத்துக்கு நேர் எதிர். ஆங்கிலத்தில் இருந்தது 'அன்லெஸ்' என்ற சொல். சுவிட்ச் OFF-இல் இருந்து, பேட்டரி கேபிளையும் கழற்றியிருந்தால் ஒழிய, ஜெனரேட்டரில் கை வைக்காதே என்பதுதான் மூலம். அந்த 'ஒழிய' மட்டும் மொழிபெயர்ப்பில் காணாமல் போய், வெறும் 'இருந்தால்' ஆகிவிட்டது.

இதில் என்ன ஆபத்து என்று சொல்கிறேன். நம் ஜெனரேட்டர் எப்போதும் AUTO நிலையில் இருக்கும். ஈ.பி. கரண்ட் போனதும் யாரும் பட்டனை அமுக்காமலே அது ஸ்டார்ட் ஆகும். லிஃப்டில் மாட்டிக்கொண்டு பத்து விநாடியில் மறுபடி வெளிச்சம் வருகிறதே, அப்படித்தான். இப்போது ஆபரேட்டர் மூடியைத் திறந்து ஃபேன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். அந்த நேரத்தில் ஈ.பி. போனால் ஃபேன் சுற்றத் தொடங்கும். கை உள்ளே இருக்கும். இதைத் தடுக்கத்தான் அந்த வாக்கியமே எழுதப்பட்டது.

ஆக, நான் இன்று சொல்ல வந்தது இதுதான். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும்போது சிரிப்பு வரும் இடங்களை மட்டும் தேடாதீர்கள். தடங்கல் இல்லாமல் ஓடும் வாக்கியங்களைத்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய மென்பொருள்கள் தப்பு செய்தால் தமிழே உடைந்து கிடக்கும், பார்த்ததும் தெரியும். இப்போதைய மென்பொருள்கள் சரளமாக எழுதப் பழகிவிட்டன. தப்பையும் சரளமாகவே எழுதுகின்றன.

அப்படிச் சரளமாக ஒளிந்திருந்த பிழைகளில் நான்கைந்தை மட்டும் காட்டுகிறேன். இவை நம் கையேட்டில் மட்டும் வருபவை அல்ல. உங்கள் வீட்டு இன்வெர்ட்டர், வாட்டர் ப்யூரிஃபையர் தாள்களிலும் இதே இனம்தான் இருக்கும்.

முதலாவது, நம் மொழியின் 'லாம்'. அதே 9ஆம் பக்கத்தில் அடுத்த வரி: "எந்த நேரத்திலும் எச்சரிக்கை இல்லாமல் ஜெனரேட்டரைத் தொடங்கலாம்." ஆங்கிலத்தில் உள்ள 'மே' என்ற துணைவினை இரண்டு வேலை செய்யும். ஒன்று, அனுமதி தருவது. இன்னொன்று, அப்படி நடந்துவிடக்கூடும் என்று சொல்வது. தமிழில் 'லாம்' விகுதியும் அதே இரண்டு வேலையையும் செய்கிறது. "நீங்கள் போகலாம்" என்றால் அனுமதி. "மழை வரலாம்" என்றால் வாய்ப்பு. கையேடு சொல்ல வந்தது இரண்டாவது பொருளை, மென்பொருள் எழுதியது முதலாவதை. "ஜெனரேட்டரை" என்று ஓர் 'ஐ' சேர்ந்ததும் அது வெறும் அனுமதியாகவே ஆகிவிட்டது. அந்த 'ஐ' இல்லாமல் "ஜெனரேட்டர் தொடங்கலாம்" என்று எழுதியிருந்தாலும் எனக்குத் திருப்தி இருக்காது. ஆபத்தைச் சொல்லும் இடத்தில் 'லாம்' வேண்டாம் என்று முடிவு செய்து இப்படி மாற்றினேன்: "ஜெனரேட்டர் எந்த நேரத்திலும், எந்தச் சத்தமும் காட்டாமல், தானாகவே ஸ்டார்ட் ஆகிவிடும்."

இரண்டாவது, 'உடன்'. "நிறுத்தப்பட்ட இயந்திரத்துடன் எண்ணெய் அளவைச் சரிபார்க்கவும்" என்று இருந்தது. ஆங்கிலத்தில் 'வித்' என்ற சொல்லை 'இந்த நிலையில்' என்ற பொருளிலும் போடுவார்கள். தமிழில் 'உடன்' என்றால் துணை: அம்மாவுடன் போனேன், சாம்பாருடன் சாப்பிட்டேன். இஞ்சினுடன் சேர்ந்து ஆயில் பார்ப்பது என்றால் என்ன? படிப்பவர் 'நிறுத்தப்பட்ட' என்பதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார். ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. இஞ்சின் ஓடும்போது ஆயில் மேலே சுற்றிக்கொண்டிருக்கும், கீழே குறைவாக இருக்கும். அப்போது டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைந்ததுபோலத் தெரியும். பார்த்தவர் மேலும் ஊற்றிவிடுவார், அளவு மிஞ்சிவிடும். அதனால் இப்படிப் பிரித்தேன்: "முதலில் இஞ்சினை நிறுத்துங்கள். ஆயில் கீழே இறங்கச் சில நிமிடம் விடுங்கள். பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்." ஒரு வாக்கியம் மூன்றாயிற்று. திருத்துபவர் அதற்குப் பயப்படக் கூடாது. மூல வாக்கியத்தின் எண்ணிக்கையைக் காப்பாற்றுவது நம் வேலை அல்ல.

மூன்றாவது, 'எது முதலில் வந்தாலும்'. ஆயில் மாற்றுவதைப் பற்றி, "ஒவ்வொரு 250 மணி நேரம் அல்லது 6 மாதங்கள், எது முதலில் வந்தாலும்" என்று இருந்தது. ஆங்கிலத்தைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சரியாகப் புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் மனதுக்குள் ஆங்கிலம் ஓடும். தமிழை மட்டும் படிப்பவருக்கு 'வந்தாலும்' என்பது 'எதுவானாலும் பரவாயில்லை' என்று கேட்கும். ஆபரேட்டர் அண்ணனிடம் இந்த வரியைக் காட்டி, எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன். "250 மணி ஓடட்டும் மேடம், நம்ம வண்டி அவ்வளவு ஓடலையே" என்றார். நம் பகுதியில் மின்வெட்டு குறைவு. மாதம் பத்து மணி நேரம்கூட ஜெனரேட்டர் ஓடுவதில்லை. அவர் கணக்குப்படி 250 மணி சேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை பழைய ஆயிலே கிடந்திருக்கும். இப்போது கையேட்டில் இருப்பது: "250 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்ற வேண்டும். அவ்வளவு ஓடாவிட்டாலும் 6 மாதம் ஆனதும் மாற்றிவிட வேண்டும்."

நான்காவது, பெயர்ச்சொல் அடுக்கு. "குறைந்த எண்ணெய் அழுத்த எச்சரிக்கை" என்றால் என்ன குறைந்தது? எண்ணெயா, அழுத்தமா, எச்சரிக்கையா? ஆங்கிலத்தில் நான்கு சொல்லை ஒட்டி வைத்தாலும் பழக்கத்தில் புரிந்துவிடும். தமிழில் அடுக்கினால் 'குறைந்த' என்பது எதோடு ஒட்டும் என்று தெரியாது. ஆயில் குறைந்திருக்கிறது என்று நினைத்து ஆயில் ஊற்றுபவரும் உண்டு. அழுத்தம் குறைவதற்கு ஆயில் பம்ப், அடைத்த ஃபில்டர் என்று வேறு காரணங்களும் இருக்கும். இதற்கு மருந்து, வேற்றுமை உருபையும் வினையையும் திரும்பக் கொண்டுவருவதுதான். "ஆயிலின் அழுத்தம் குறைந்தால் அடிக்கும் அலாரம்" என்றால் சந்தேகமே இல்லை.

ஐந்தாவது, 'படு'. "காற்று வடிகட்டி மாற்றப்பட வேண்டும்", "வால்வு இடைவெளி சரிசெய்யப்பட வேண்டும்." யாரால்? ஆங்கிலக் கையேட்டில் பக்கத்தின் தலைப்பிலேயே, இது ஆபரேட்டர் வேலை, இது சர்வீஸ் இஞ்சினியர் வேலை என்று பிரித்திருந்தார்கள். தமிழில் அந்தத் தலைப்பு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வந்திருந்தன. ஏர் ஃபில்டரை ஆபரேட்டர் மாற்றலாம். வால்வு இடைவெளியைச் சரிசெய்வது சர்வீஸ் இஞ்சினியரின் வேலை. 'படு' போட்டு எழுதினால் ஆள் மறைந்துவிடுவார். அதனால் ஆபரேட்டர் செய்ய வேண்டியதை "மாற்றுங்கள்" என்று நேராகச் சொன்னேன். மற்றதற்கு "சர்வீஸ் இஞ்சினியரைக் கூப்பிடுங்கள். நீங்கள் செய்யாதீர்கள்" என்று எழுதினேன்.

இனி கலைச்சொல் பக்கம் வருகிறேன். தவறான சொல்லை விடவும் எனக்குத் தொல்லை கொடுத்தது, ஒரே பொருளுக்குப் பல சொல். நம் பேனலில் இருக்கும் பிரேக்கர், கையேட்டின் தொடக்கத்தில் "பிரேக்கர்" என்றும், நடுவில் "சுற்று முறிப்பான்" என்றும், கடைசியில் "உடைப்பான்" என்றும் வந்திருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். ஆனால் படிப்பவர் மூன்று கருவிகளைத் தேடுவார். மென்பொருள் ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிதாகப் பார்ப்பதால் இப்படி ஆகிறது. முந்தைய பக்கத்தில் என்ன சொல் போட்டோம் என்பதை அது காப்பாற்றுவதில்லை.

இதற்கு ஒரே வழி, முதல் வாக்கியத்தைத் திருத்துவதற்கு முன்பே சொற்பட்டியல் போடுவது. நானும் ஆபரேட்டர் அண்ணனும் ஒரு மாலை ஜெனரேட்டரைச் சுற்றி நடந்தோம். நான் ஆங்கிலக் கையேட்டின் படத்தைக் காட்டுவேன், அவர் அந்தப் பாகத்தைத் தொட்டு அதன் பெயரைச் சொல்லுவார். ஏறக்குறைய 60 சொற்கள் கிடைத்தன. பெரும்பாலும் ரேடியேட்டர், கூலண்ட், டெர்மினல், எர்த் என்று ஆங்கிலத்திலிருந்து வந்தவை. சில நல்ல தமிழ்: ஏர் எடுப்பது, செல்ஃப் அடிப்பது. ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்குவதைத்தான் செல்ஃப் அடிப்பது என்கிறார்கள். மென்பொருள் அதை "சுழற்றுதல்" என்று எழுதியிருந்தது. "30 விநாடிக்கு மேல் சுழற்ற வேண்டாம்" என்றால் எதை என்று தெரியாது. "30 விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். 2 நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள்" என்றால் எந்த மெக்கானிக்கும் தலையாட்டுவார்.

தமிழ் ஆர்வலர்கள் சிலர் என்னிடம், குளிர்விப்பான், புவியிணைப்பு என்று எழுதியிருக்கலாமே என்று கேட்டார்கள். எனக்கும் அந்தச் சொற்கள் பிடிக்கும். பாடநூலாக இருந்தால் அவற்றைத்தான் போட்டிருப்பேன். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது கையேட்டைத் திறப்பவர், தன் வாயில் இருக்கும் சொல்லைத்தான் தேடுவார். பேனலில் அச்சாகியிருக்கும் AUTO, MANUAL, OFF, RESET ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டேன். மென்பொருள் AUTO என்பதை ஓர் இடத்தில் "தானியங்கி" என்றும் இன்னோர் இடத்தில் "ஆட்டோ" என்றும் எழுதியிருந்தது. பட்டனில் இருக்கும் எழுத்தும் தாளில் இருக்கும் எழுத்தும் ஒன்றாக இருந்தால்தான் கண் பொருத்திப் பார்க்கும்.

சொற்பட்டியலில் நான் அதிக நேரம் யோசித்தது நான்கு சொற்களைப் பற்றி. இப்படிப்பட்ட கையேடுகளில் எச்சரிக்கைப் பெட்டிகளின் மேலே ஒரு சொல் இருக்கும். அமெரிக்காவின் ஏ.என்.எஸ்.ஐ. தரப்படி அது நான்கு படி. முதல் படி, தவிர்க்காவிட்டால் உயிர் போகும் அல்லது பலத்த காயம் ஏற்படும் என்பது. இரண்டாவது, அப்படி நேரக்கூடும் என்பது. மூன்றாவது, சிறிய அல்லது நடுத்தரக் காயம். நான்காவது, ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பொருள் கெடலாம் என்பது. நமக்கு வந்த தமிழில் முதல் மூன்றுமே "எச்சரிக்கை" என்று இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கை என்றால் எதுவும் எச்சரிக்கை இல்லை. அதனால் ஆபத்து, எச்சரிக்கை, கவனம், குறிப்பு என்று நான்காகப் பிரித்து, முதல் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் போட்டோம்.

வேலை செய்த முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நாளை வேறு யாராவது செய்ய வேண்டிவந்தால் உதவும்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முதலில் ஆங்கிலத்தைப் படித்து, என்ன செய்யச் சொல்கிறது என்று மனதில் ஒரு படம் வந்த பிறகுதான் தமிழைப் பார்த்தேன். தமிழை முதலில் படித்தால் அதன் சரளம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு ஆங்கிலத்தைப் பார்க்கும்போது, தமிழுக்கு ஏற்றபடி ஆங்கிலத்தையே தப்பாகப் படிப்போம். அந்த 'அன்லெஸ்' வாக்கியத்தையே நான் முதல் முறை தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் முறை ஆங்கிலத்திலிருந்து தொடங்கியபோதுதான் மாட்டியது.

பாதுகாப்புப் பக்கங்கள் ஆறையும் நான் திருத்தவே இல்லை. மென்பொருள் தந்ததை மூடி வைத்துவிட்டு, ஆங்கிலத்திலிருந்து புதிதாக எழுதினேன். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்துவதற்கென்றே 2017இல் ஐ.எஸ்.ஓ. 18587 என்ற தரம் வந்தது. அதில், விஷயம் புரிந்தால் போதும் என்ற மேலோட்டமான திருத்தம், மனிதர் மொழிபெயர்த்ததற்கு இணையாகக் கொண்டுவரும் முழுத் திருத்தம் என்று இரண்டு சொல்கிறார்கள். கைவிரல் சம்பந்தப்பட்ட பக்கத்துக்கு முதலாவது பொருந்தாது. முழுத் திருத்தம் செய்வதைவிடப் புதிதாக எழுதுவதே எனக்கு வேகமாக இருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு எண்களுக்காக மட்டும் ஒரு முறை படித்தேன். பொருளைப் பார்க்காமல், இந்தப் பக்கம் எண், அந்தப் பக்கம் எண், அதன் அலகு, அதோடு இருப்பது 'மேல்' என்பதா 'குறையாமல்' என்பதா, அவ்வளவுதான். இரண்டு இடத்தில் 'குறையாமல்' என்பது 'மிகாமல்' என்று திரும்பியிருந்தது. ஒன்று, நிறுத்துவதற்கு முன் லோடு இல்லாமல் இஞ்சினை ஓடவிடும் நேரம். 3 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடவிட வேண்டும், அப்போதுதான் சூடு ஒரே சீராக இறங்கும். தமிழில் 3 நிமிடத்துக்கு மிகாமல் என்று இருந்தது.

கடைசிப் பரிசோதனை ஆபரேட்டரிடம். மோட் சுவிட்சை OFF-இல் வைத்து, பேட்டரி நெகட்டிவ் கேபிளையும் கழற்றிவிட்டு, அவர் தமிழை மட்டும் சத்தமாகப் படித்து ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். நான் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே குறை என்னுடையது. டீசல் ஃபில்டரிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் இடத்தில் நின்றார். "தெளிவான எரிபொருள் தோன்றும் வரை" என்று நான் விட்டிருந்தேன். தப்பில்லை, ஆனால் அது மென்பொருளின் தமிழ், நான் பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருந்தேன். அவர் சொன்னார்: "தண்ணி போய் சுத்தமான டீசல் வர்ற வரைக்கும்னு போடுங்க மேடம்." அப்படியே போட்டேன்.

மொத்தம் ஒன்பது மாலைகள் ஆயின. மென்பொருள் இல்லாமல் முழுவதும் நானே எழுதியிருந்தால் இருபதாவது ஆகியிருக்கும், அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். பாகங்களின் அட்டவணை, சர்வீஸ் அட்டவணை போன்றவற்றை அது நன்றாகவே செய்திருந்தது. ஐந்து நிமிடத்தில் வந்த தாள் அப்படியே சுவரில் தொங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் கவலை.

இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். தமிழ்க் கையேட்டின் ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலும் ஆங்கிலக் கையேட்டின் பக்க எண்ணைப் போட்டிருக்கிறோம். சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் முடிவு. அடுத்த சர்வீஸுக்கு வரும் இஞ்சினியரிடம் ஆறு பாதுகாப்புப் பக்கங்களையும் காட்டிக் கையெழுத்து வாங்கும்படி கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கையேடு காத்திருக்கிறது. அதில் குளோரின் அளவு வருகிறது, தொட்டிக்குள் இறங்கும் விதி வருகிறது. தமிழ் எழுத நான் இருக்கிறேன். எனக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வால்வைத் திறந்தால் உண்மையில் என்ன ஆகும்" என்று சொல்லத் தெரிந்த ஒருவர். நம் மூன்று பிளாக்கில் வேதியியலோ சுத்திகரிப்போ தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணி, ஜெனரேட்டர் அறை வாசல்.